சித்தப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

"தம்பிக்கு ஆண்கள் மீதுதான் ஈர்ப்பு என்று தெரிந்ததிலிருந்து சித்தப்பா, 'இது அவனாகத் தேர்ந்தெடுத்ததுதானே, மாற்றிக்கொள்ளக் கூடாதா?' என்கிறார். கோபமில்லை, நிஜமாகவே கேட்கிறார். என்ன சொல்வது?"

கோபமில்லாமல் கேட்கிறார் என்பதே நல்ல விஷயம். அவரிடமே கேளுங்கள்: பெண்களைத்தான் பிடிக்க வேண்டும் என்று எந்த வயதில் முடிவெடுத்தீர்கள், சித்தப்பா? அப்படி ஒரு நாள் அவருக்கு நினைவிருக்காது, ஏனென்றால் ஈர்ப்பு தானாக வந்தது. யாரோடு வாழ்வது, வீட்டில் சொல்வதா மறைப்பதா, இவை நம் முடிவுகள், ஆனால் யாரைப் பார்த்து மனம் அசைகிறது என்பது அப்படியல்ல.

"முயன்றால் மாறும்" என்பாரானால் அமெரிக்காவின் எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் பற்றிச் சொல்லுங்கள். 1976-இல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு, ஈர்ப்பை மாற்றுவதுதான் அதன் வேலை. அங்கே போனவர்களில் பலர் தாங்களே மாற விரும்பி, பிரார்த்தனையும் ஆலோசனையுமாக வருடக்கணக்கில் முயன்றவர்கள். கடைசியில் 2013-இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ் மன்னிப்புக் கேட்டு அமைப்பையே மூடினார். அவ்வளவு ஆசையோடு முயன்றும் மாறாத ஒன்றை விருப்பத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், "அப்போ ஜீனா?" என்று கேட்பார். ஜீன் மட்டும் இல்லை, ஒரே கருமுட்டையிலிருந்து, ஒரே ஜீன்களோடு பிறந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு மட்டும் இந்த ஈர்ப்பு இருப்பதுண்டு. ஆனால் காரணம் முழுசாகத் தெரியாததால் அது தேர்வு என்று ஆகிவிடாது.

இன்னொன்று, ஈர்ப்பை மாற்றும் சிகிச்சை என்று யாராவது அழைத்தால் தம்பியைப் போக விடாதீர்கள். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றமே அதைத் தடை செய்யச் சொல்லிவிட்டது.