கூமுட்டை நாற்றம் அடிக்கும் கார் பேட்டரி: குற்றவாளி பேட்டரியா, ரெகுலேட்டரா?

டீசல் கார்க்காரர், திருச்சி: மதுரையிலிருந்து திரும்பும் வழியில் காருக்குள் கூமுட்டை நாற்றம். எலி செத்திருக்கும் என்று போனட்டைத் திறந்தால் பேட்டரிக்குள் கொதிக்கிற சத்தம். பேட்டரி போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. புதுசு வாங்கிவிடட்டுமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நாற்றம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பேட்டரி தாங்குவதற்கு மேல் சார்ஜ் ஏறுகிறது. அதற்குக் காரணம் பேட்டரியா, அதை ஊட்டுகிற ஆல்டர்னேட்டரா என்பது நாற்றத்தில் தெரியாது. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருந்தால் நீங்கள் போடும் புது பேட்டரியையும் அது இதேபோல் வேகவைக்கும்.

இன்று மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். சாவியை அணைத்து, போனட்டைத் திறந்துவைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பீடி, சிகரெட், லைட்டர் எதுவும் பக்கத்தில் வேண்டாம். டெர்மினலையும் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம், கழற்றும்போது தெறிக்கும் ஒரு பொறி போதும். ஒரு மணி நேரமாவது ஆறட்டும். பக்கச் சுவர் உப்பியிருந்தாலோ, மூடி விரிந்திருந்தாலோ அந்தப் பேட்டரியோடு வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், ஜம்ப் கேபிளும் போடாதீர்கள். உப்பல் இல்லை, நன்றாக ஆறிவிட்டது என்றால் நாளைக்கு ஒரு மல்ட்டிமீட்டரோடு வாருங்கள், பார்த்துவிடலாம்.

கல்லூரி மாணவர்: அண்ணே, கொதிக்கும்போது வருவது ஹைட்ரஜன்தானே? அதுதான் அந்த நாற்றம் என்று படித்தேன்.

பாதி சரி தம்பி. ஹைட்ரஜன் வருவது உண்மைதான், ஆனால் அதற்கு வாசமே கிடையாது. சார்ஜ் அதிகமாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகக் குமிழ் விடுகிறது. நாம் கேட்கிற கொதிப்புச் சத்தம் பெரும்பாலும் இந்தக் குமிழ்தான். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். நாறுவது ஹைட்ரஜன் சல்பைடு. பேட்டரி மிகவும் சூடேறி, உள்ளே இருக்கும் கந்தக அமிலம் சிதையத் தொடங்கும்போது அது வரும். ஆக, மூக்குக்குத் தெரிகிறபோது வெடிக்கிற வாயு ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். மூடிய ஷெட்டில் நாற்றம் திடீரென்று நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முதலில் வெளியே வாருங்கள்.

பெட்ரோல் கார் வைத்திருப்பவர்: எனக்கும் அதே நாற்றம், ஆனால் வண்டிக்குப் பின்னால் நின்றால்தான் வருகிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். உங்கள் கதை வேறு. சைலன்சர் பக்கம் நாறினால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் எரிபொருள் கலவையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் கார்க்காரர், திருச்சி: மீட்டர் வாங்கிவிட்டேன். பேட்டரி உப்பவில்லை. எப்படிப் பார்ப்பது? இதுவரை தொட்டதே இல்லை.

சிவப்பு ஒயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது VΩ என்று போட்ட துளையில் இருக்க வேண்டும். 10A துளையில் செருகிவிட்டு பேட்டரியில் வைத்தால் அது ஷார்ட்டுக்குச் சமம். என் பட்டறையில் ஒரு பையன் அப்படி வைத்து முனையே உருகிவிட்டது. அந்த நேரம் கேஸ் விடுகிற பேட்டரியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். திருகியை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள்.

கண்ணாடி, ரப்பர் கையுறை போடுங்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். அமிலம் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

இரவு முழுக்க நின்ற வண்டியில் முதல் அளவு எடுங்கள். நல்ல பேட்டரி 12.6 வாக்கில் காட்டும். அப்புறம் இன்ஜின் அணைந்திருக்கும்போதே கிளிப் வைத்த ஒயரை இரண்டு டெர்மினலிலும் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் 13.8 முதல் 14.5 வரை சரி. பிறகு ஒருவர் ஆக்சிலரேட்டரை மெதுவாக 2000 ஆர்பிஎம் வரை கொண்டுபோகட்டும், நீங்கள் மீட்டரைப் பாருங்கள். நல்ல ரெகுலேட்டர் என்றால் எண் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறி 15-ஐத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். நடுவில் நாற்றமோ சத்தமோ வந்தாலும் அப்படியே.

வேன் டிரைவர்: இதுக்கெல்லாம் மீட்டர் எதுக்கு? இன்ஜின் ஓடும்போது நெகட்டிவைக் கழற்றினா வண்டி நிக்குதா ஓடுதானு பார்த்தா டைனமோ தெரிஞ்சிடுமே.

அந்தக் காலத்து டைனமோவுக்கு அப்படிப் பார்த்தார்கள், நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இப்போது செய்தால் கதையே வேறு. ஓடுகிற ஆல்டர்னேட்டருக்குப் பேட்டரிதான் மெத்தை. அதை உருவினால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறி வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியூவையோ ரெகுலேட்டரையோ சுட்டுவிடும். அதுவும் நாம் பேசுவது கேஸ் விடும் பேட்டரியைப் பற்றி, அதன் தலைமேலேயே பொறி பறக்கும். தவிர, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ சார்ஜ் தருகிறது என்றுதான் தெரியும். அதிகமாகத் தருகிறதா என்பதுதானே நம் கேள்வி?

இல்லத்தரசி, சேலம்: எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலும் இரண்டு நாளாக இதே நாற்றம். கார் இல்லை. இங்கே கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. ஜன்னல், கதவைத் திறந்துவையுங்கள். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம், விளக்கு ஏற்ற வேண்டாம், சுவிட்சும் போட வேண்டாம். அறைக்கு வெளியே இருக்கும் பிரேக்கரில் இன்வெர்ட்டருக்குப் போகும் கரண்டை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வந்தவர் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள். சார்ஜ் ஆகும்போது எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இங்கே ரெகுலேட்டர் வேலையைச் செய்வது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் சார்ஜர்.

டீசல் கார்க்காரர், திருச்சி: அளந்துவிட்டேன். நிறுத்திய வண்டியில் 12.7. ஐடிலில் 14.6. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் நிற்காமல் ஏறி 16.3, உடனே அணைத்துவிட்டேன். போன மாதம் ஹெட்லைட் பல்பு இரண்டு தடவை போனது. சம்பந்தம் உண்டா?

உண்டு, அந்தப் பல்புகள்தான் முதல் எச்சரிக்கை. 16.3 பல்புக்கும் தாங்காது, பேட்டரிக்கும் தாங்காது. நிறுத்திய வண்டியில் 12.7 காட்டுவதால் பேட்டரிக்குள் இருக்கும் ஆறு செல்லும் உயிரோடுதான் இருக்கின்றன. ஆக, பேட்டரி அடி வாங்கியது, அடித்தது ரெகுலேட்டர் பக்கம். உள்ளே சுழலும் ரோட்டருக்குப் போகும் கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுக்க வேண்டிய டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகி, எப்போதும் முழுசாகத் திறந்தே இருக்கலாம். அப்படி இருந்தால் வேகம் கூடக் கூட வோல்டேஜும் கூடும்.

ஆனால் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் ஒரு விஷயம். சில வண்டிகளில் பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்று ரெகுலேட்டருக்குச் சொல்ல தனியாக ஒரு மெல்லிய ஒயர் போகும். அதன் சாக்கெட்டில் பச்சை பூத்திருந்தால் 14 இருக்கும் இடத்தில் 12 என்று பொய்த் தகவல் போகும், பாவம் ரெகுலேட்டர் இன்னும் இன்னும் ஏற்றும். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் அந்த ஒயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் சரியென்றால் பெரும்பாலான ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டரை மட்டும் கார்பன் பிரஷ்ஷோடு சேர்த்து மாற்றலாம். முழு ஆல்டர்னேட்டரையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

வேலை முடிந்து பேட்டரி ஆறிய பிறகு மூடியைத் திறந்து பாருங்கள். தகடு தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஆன பிறகு கோடு வரை நிரப்புங்கள். ஆசிட் ஊற்றவே கூடாது, போனது தண்ணீர்தான். காற்றில் காய்ந்த தகடு பழைய பலத்துக்கு வராது, அதனால் இந்தப் பேட்டரி எத்தனை நாள் ஓடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன், கோவை: ஒன்று சேர்க்கலாமா அண்ணே? சார்ஜிங் 14.2 சரியாக இருந்தும் கொதித்த பேட்டரி என்னிடம் வந்திருக்கிறது.

நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள், நான் விட்டுவிட்டேன். அது செல் ஷார்ட். 14.2 ஆறு செல்லுக்குப் பிரிந்தால் ஒன்றுக்கு சுமார் 2.37 வரும். ஒரு செல் செத்துவிட்டால் அதே 14.2 ஐந்து செல் தலையில் விழும், ஒன்றுக்கு 2.84. ஏறக்குறைய 2.4-இலேயே குமிழ் விடத் தொடங்கும் என்றால் 2.84-இல் கேட்கவே வேண்டாம். ரெகுலேட்டர் மேல் தப்பே இல்லை. இதில் நிறுத்திய வண்டியில் பேட்டரி 10.5 வாக்கில்தான் காட்டும், ஆறில் ஒரு செல் மட்டும் மற்றதைவிட வேகமாக வற்றியிருக்கும். அப்போது பேட்டரிதான் மாற்ற வேண்டும், வேறு வழியில்லை.

புது கார் வாங்கியவர்: என் வண்டியில் சில நேரம் 14.9 காட்டுகிறது, சில நேரம் 12.8. நாற்றம் இல்லை. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். இப்போது வரும் பல வண்டிகளில் சார்ஜிங்கை ஈசியூவே தேவைக்கேற்ப ஏற்றி இறக்குகிறது. பிரேக் பிடிக்கும்போது ஏறும், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இறங்கும். ஒரே எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. 15-க்கு மேலேயே நின்றுகொண்டிருந்தால் காட்டுங்கள்.

வாடகைக் கார் ஓட்டுபவர், நெல்லை: நடு ரோட்டில் நாற்றம் வந்தால் ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்டு சார்ஜை இழுத்துக்கொண்டே வீடு வரை ஓட்டலாம் என்கிறார்கள். நான் ஒரு தடவை அப்படித்தான் வந்து சேர்ந்தேன். இப்போது பிரச்சினை என்னவென்றால், எப்போது அளந்தாலும் 14.3, ஆனால் மதியச் சவாரியில் மட்டும் லேசாக நாறுகிறது. ஆறு செல்லிலும் தண்ணீர் சமமாகக் குறைகிறது.

வந்து சேர்ந்தது உங்கள் அதிர்ஷ்டம். லைட் போட்டால் ஐடிலில் கொஞ்சம் இறங்கும், ஹைவே வேகத்தில் கெட்டுப்போன ரெகுலேட்டர் அதையும் தாண்டி ஏற்றும். அடுத்த தடவை ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள், சவாரி போனால் போகட்டும்.

ஆறும் சமமாக வற்றுவதால் செல் ஷார்ட் இல்லை என்று தோன்றுகிறது. சூடானால் மட்டும் தடுமாறும் ரெகுலேட்டர் உண்டு, காலையில் பட்டறையில் அளந்தால் நல்ல பிள்ளையாக 14.3 காட்டும். இல்லை, வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து வயதான பேட்டரியைப் படுத்துகிறதா என்றால், அதுவும் நடக்கும். இங்கிருந்து எந்தப் பக்கமும் என்னால் சொல்ல முடியவில்லை. லைட்டர் சாக்கெட்டில் செருகும் வோல்ட்மீட்டர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பேட்டரியைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும், பரவாயில்லை. நாற்றம் வரும் நேரத்தில் போனட்டைத் திறக்காமல் சீட்டிலிருந்தே எண்ணைப் பார்த்து, வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட்டு எழுதுங்கள்.