இருபதை வைத்துக்கொண்டு மீதியை நிறுத்தலாமா?

"எங்கள் கூகுள் விளம்பரக் கணக்கில் 200 கேம்பெயின் ஓடுகிறது. அதில் 20 தான் 80 சதவீத ஆர்டரைத் தருகிறது, மீதி 180-ஐ நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இந்த இருபதில் போடலாம் என்கிறது ஏஜென்சி. செய்யலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் பார்த்தது ஒரு பட்டியல்தான்: எது அதிக ஆர்டர் தருகிறது என்பது. பணம் எங்கே வீணாகிறது என்பதற்குத் தனிப் பட்டியல் போட வேண்டும். பெரிய கணக்குகளில் இரண்டின் உச்சியிலும் பெரும்பாலும் அதே பெயர்கள் வந்து நிற்கும்.

கடைசி 90 நாள் அறிக்கையை இறக்குங்கள். இன்று கிளிக் செய்தவர் அடுத்த வாரம் வாங்கலாம் என்பதால், மிகச் சமீபத்திய இரண்டு வாரத்தை விட்டுவிட்டு எண்ணுங்கள். எக்செல் தாளில் A-யில் கேம்பெயின் பெயர், B-யில் செலவு, C-யில் ஆர்டர். ஓர் ஆர்டருக்கு 500 வரை செலவு கட்டுப்படியாகும் என்று வைத்துக்கொண்டால், D-யில் அந்த வரம்பைத் தாண்டிய வீண்செலவு, E-யில் அதன் சேர்ந்துகொண்டே போகும் பங்கு:

```
D2: =MAX(0,B2-C2*500)
E2: =SUM(D$2:D2)/SUM(D$2:D$201)
```

இரண்டையும் 201-ஆம் வரிசை வரை இழுத்து, முழு அட்டவணையையும் D-யின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள்.

ஓர் உதாரணக் கணக்கு. மொத்தச் செலவு 10,00,000, ஆர்டர் 2,000. சராசரி சரியாக 500, எல்லாம் நலம் என்று தோன்றும். ஆனால் உங்கள் நிறுவனப் பெயரையே தட்டித் தேடுபவர்களுக்கான பிராண்ட் கேம்பெயின் மட்டும் 80,000 செலவில் 800 ஆர்டர் காட்டுகிறது. அதைத் தள்ளிப் பாருங்கள்: 9,20,000-க்கு 1,200 ஆர்டர், ஒன்றுக்கு 767.

இந்தப் பிராண்ட் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெயர் தெரிந்து தேடி வருபவரில் பலர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பார்கள். அதற்கு இன்னும் பணம் போட்டாலும் பெயரைத் தேடுகிறவர்கள் எண்ணிக்கை அதிகமாகாது. Search impr. share என்ற பத்தியைப் பாருங்கள், உங்கள் விளம்பரம் வந்திருக்கக்கூடிய தடவைகளில் எத்தனை சதவீதம் உண்மையில் வந்தது என்பதை அது காட்டும். அது ஏற்கெனவே 95 சதவீதம் என்றால் கூடுதல் பணத்துக்கு அங்கே இடமே இல்லை. கூகுளின் எல்லா இடங்களிலும் தானாகவே விளம்பரம் காட்டும் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் கேம்பெயினும் பிராண்ட் தேடல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாமாக விலக்கினால்தான் விடும். பிராண்டையும் மற்றதையும் ஒரே கூட்டுத்தொகையில் கலந்து காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள். ஒரு நல்ல கேம்பெயினை வைத்து நூறு மோசமானவற்றை மறைக்க அதைவிட எளிய வழி கிடையாது.

இனி வீண்செலவுப் பட்டியலின் முதல் மூன்று கேம்பெயின்கள். அ: செலவு 2,20,000, ஆர்டர் 140, வீண் 1,50,000. ஆ: 1,60,000, ஆர்டர் 120, வீண் 1,00,000. இ: 90,000, ஆர்டர் 40, வீண் 70,000. மொத்த வீண்செலவு 4,00,000 என்றால், இந்த மூன்றே 80 சதவீதத்தை விழுங்கிவிட்டன. மூன்றும் உங்கள் 'நல்ல இருபதில்' இருக்கின்றன! நிறுத்தச் சொல்லும் 180-ஓ, எல்லாம் சேர்ந்து 2,00,000 செலவில் 400 ஆர்டர் தருகின்றன, ஒன்றுக்கு 500. அவற்றை நிறுத்தி அ-வில் பணத்தைக் கொட்டினால் ஓர் ஆர்டருக்கு 1,571 கொடுப்பீர்கள்.

அதற்காக அ-வை உடனே நிறுத்திவிட வேண்டாம், 140 ஆர்டர் போய்விடும். உள்ளே தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து, செலவுப்படி அடுக்கி, ஆர்டர் இல்லாத சொற்களை, அவற்றுக்கு விளம்பரம் வராதபடி, விலக்குச் சொற்களாகச் சேர்த்துவிடுங்கள். அங்கேயும் சில சொற்களே பெரும்பணத்தைத் தின்றிருக்கும்.

சிறிய கேம்பெயின்களில் ஆர்டர் பூஜ்யம் என்பதை வைத்து மட்டும் தீர்ப்பு சொல்லாதீர்கள். 700 செலவான ஒன்றில் சராசரியாக ஒன்றரை ஆர்டர்கூட எதிர்பார்க்க முடியாது. இலக்கின் மூன்று மடங்கு, அதாவது 1,500 செலவாகியும் ஒன்றும் வரவில்லை என்றால்தான் சந்தேகம் நியாயம். அதற்குக் குறைந்தவற்றைப் பொருள்வாரியாகக் கூட்டி எடைபோடுங்கள்.

ஏஜென்சியின் கட்டணம் செலவில் இத்தனை சதவீதம் என்றிருந்தால், பெரிய கேம்பெயினைக் குறைக்க அவர்களுக்கு என்ன அவசரம்? படம் போட்ட பிடிஎஃப் வேண்டாம். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், அறிக்கையை நீங்களே இறக்குங்கள். ஆர்டர் என்று எண்ணப்படுவது உண்மையில் எது என்பதையும் பாருங்கள். பக்கம் திறந்ததையும் பட்டனைத் தொட்டதையும் கன்வர்ஷனாகச் சேர்த்துவிட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுபவர்கள் உண்டு. கேம்பெயினை நொடியில் உருவாக்க விடும் இந்தத் தளமோ, சேரும் பங்கைக் காட்டும் ஒரு பத்தியைக்கூடத் தருவதில்லை. அதை நாம்தான் தாளில் போட வேண்டியிருக்கிறது.

அ, ஆ, இ மூன்றிலும் விலக்குச் சொற்கள் சேர்த்து நான்கு வாரம் ஓடவிட்டு, அதே D பத்தியை மறுபடி போடுங்கள். 180-ஐப் பற்றிய முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.