பெங்களூர் தெருக்கடையில் கன்னடத்தில் பேரம் பேசுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பெங்களூருக்கு வந்து போகிற தமிழர்களுக்குப் பேச்சுக் கன்னடம் சொல்லித் தருவது என் வேலை. அவர்கள் அதிகம் கேட்பது சந்தைப் பேச்சைப் பற்றித்தான். அண்மையில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரு சின்னக் குறிப்பு: கன்னடச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது முதலெழுத்தின் ஒலி தெரியாமல் போகும். தேவையான இடங்களில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு வாரம் தங்கப் போகிறேன். கன்னடம் சுத்தமாகத் தெரியாது. மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கம் போனால் எதை வைத்துச் சமாளிப்பது?

நாலு வாக்கியம் போதும். விலை கேட்க "எஷ்டு அண்ணா?" என்று கேளுங்கள். காய்கறி, பழத்துக்கு "கேஜி ஹேகெ?" என்று கேட்பதும் வழக்கம். சொன்ன விலை அதிகமாகத் தோன்றினால் "ஜாஸ்தி ஆய்த்து". குறைக்கச் சொல்ல "ஸ்வல்ப கம்மி மாடி". வேண்டாம் என்றால் "பேட". இதில் 'பே'யை 'பேட்டரி'யில் வருவது போல அழுத்திச் சொல்லுங்கள்.

கடைக்காரர் "பன்னி அண்ணா, பன்னி" என்று கூப்பிட்டால் பதற வேண்டாம். அதுவும் 'பஸ்'ஸில் வரும் 'ப'தான். "வாங்க" என்கிறார்.

கேள்வி: "கம்மி மாடு", "கொடு" என்று சொன்னேன். பூ விற்ற அம்மாவின் முகம் சுருங்கிப் போனது. சொல் சரிதானே?

சொல் சரி, முடிவுதான் தவறு. தமிழில் முன்பின் தெரியாத பெரியவரிடம் "கொடு" என்போமா? "கொடுங்க" என்றுதானே சொல்வோம். கன்னடத்தில் அந்த மரியாதை கடைசி 'உ'வை 'இ' ஆக்குவதில் இருக்கிறது. மாடு என்பது மாடி, கொடு என்பது கொடி, ஹேளு என்பது ஹேளி, ஹாகு என்பது ஹாகி ஆகும். தமிழர்கள் இங்கே அடிக்கடி சறுக்குவதற்குக் காரணம், 'கொடு' நம் சொல்லாகவே இருப்பதால் அது தானாக வாயில் வந்துவிடுகிறது. "கொடி" என்பது செடிகொடியில் வரும் கொடி போலவே ஒலிக்கும். அதை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொண்டு சந்தைக்குப் போங்கள்.

எதிரில் இருப்பவரை 'நீனு' என்று சொல்ல வேண்டாம், 'நீவு' என்று சொல்லுங்கள். அழைக்க அண்ணா, அக்கா, அம்மா போதும், மூன்றும் தமிழில் இருக்கிற மாதிரிதான். இளைஞர்கள் ஒருவரை ஒருவர் 'குரு' என்று அழைப்பதைக் கேட்பீர்கள். அது ஒத்த வயதுப் பையன்களுக்குள் புழங்குகிற சொல். வயதானவரிடமோ பெண்களிடமோ அதைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: விலை சொன்னால் எண் பிடிபடவில்லை. எழுபதா எண்பதா என்று குழம்பி அதிகம் கொடுத்துவிட்டேன்.

எழுபதும் எண்பதும்தான் தமிழ்க் காதை ஏமாற்றுகிற இடம். எழுபது "எப்பத்து", எண்பது "எம்பத்து". நடுவில் 'ப்' கேட்டால் 70, 'ம்' கேட்டால் 80. போதாததற்கு இருபது "இப்பத்து". சந்தை இரைச்சலில் இப்பத்தும் எப்பத்தும் ஒன்றாகவே கேட்கும். மற்றவை எளிது: ஹத்து, மூவத்து, நல்வத்து, ஐவத்து, அரவத்து, தொம்பத்து, நூரு. தமிழ்ப் 'பத்து' கன்னடத்தில் 'ஹத்து' ஆகிறது, பால் 'ஹாலு' ஆகிற மாதிரி. நூறுக்கு மேலே இன்னூரு, முன்னூரு, நானூரு, ஐனூரு.

தொம்பத்து என்பதை ஒன்பதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 90. ஒன்பதுக்கு "ஒம்பத்து".

சந்தேகம் வந்தால் விரலைக் காட்டியோ, ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டியோ "இஷ்டா?" என்று கேட்டுவிடுங்கள். இவ்வளவா என்று அர்த்தம். பணம் கைமாறுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ஒரு பேரத்தை ஆரம்பம் முதல் முடிவு வரை சொல்லிக் காட்ட முடியுமா? தனித்தனி வார்த்தை தெரிகிறது, கோக்கத் தெரியவில்லை.

சரி, மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் நடைபாதையில் ஒரு குர்த்தி பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குத்தான்.

"எஷ்டு அண்ணா?"

"முன்னூரைவத்து." (350)

"ஜாஸ்தி ஆய்த்து அண்ணா. ஸ்வல்ப கம்மி மாடி."

"எஷ்டக்கெ பேகு, நீவே ஹேளி." (எவ்வளவுக்கு வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.)

இந்த இடத்தில் பலர் தடுமாறிவிடுகிறார்கள். பந்து உங்கள் பக்கம் வந்துவிட்டது, ஒரு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும். நீங்கள் உண்மையிலேயே வாங்கத் தயாரான எண்ணை மட்டும் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கடைக்காரர் ஒப்புக்கொண்ட பிறகு "வேண்டாம்" என்று நகர்வது இங்கே மரியாதைக் குறைவு. எனவே தொடக்கத்திலேயே கொஞ்சம் கீழே போங்கள்.

"இன்னூரக்கெ கொடி." (200க்குக் கொடுங்கள்.)

"அஷ்டக்கெ பரல்ல அக்கா. நமகெ பித்திரோதே அஷ்டு." (அவ்வளவுக்குக் கட்டாது. எங்களுக்கு விழுந்ததே அவ்வளவு.)

இப்போது ஒற்றை உருப்படியின் விலையையே பிடித்து இழுக்காமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

"எரடு தகோதீனி. எரடக்கூ சேரி ஐனூரு கொட்தீனி." (இரண்டு எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து 500 தருகிறேன்.)

"ஐனூரைவத்து கொடி, லாஸ்ட்."

"ஆய்த்து, கொடி."

இரண்டும் 700 ஆகியிருக்க வேண்டியது, 550-இல் முடிந்தது. "எரடக்கூ சேரி" என்ற இரண்டு சொல்லைக் கவனியுங்கள். அதைச் சொல்லாமல் வெறுமனே எண்ணைச் சொன்னால், ஒன்றுக்கா இரண்டுக்குமா என்ற சண்டை பணம் கொடுக்கும்போதுதான் கிளம்பும். ஒன்றுக்கு என்றால் "ஒந்தக்கெ". விலைக்குப் பின்னால் வரும் "அக்கெ" தமிழின் 'க்கு'தான்: நூரக்கெ, ஐவத்தக்கெ, இன்னூரக்கெ.

கேள்வி: "பரல்ல" என்று சொன்னால் நிஜமாகவே முடியாது என்று அர்த்தமா?

சொல்லை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது, அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். "பரல்ல" என்று சொல்லிவிட்டு உடனே ஒரு புது எண்ணையோ, "ஹோக்லி, இஷ்டு கொடி" (போகட்டும், இவ்வளவு கொடுங்கள்) என்பதையோ சேர்த்தால் இன்னும் இடம் இருக்கிறது. துணியை மடித்து அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தால் அது உண்மையான "பரல்ல".

"கிட்டல்ல" என்றும் சொல்வார்கள், முதல் எழுத்து 'காந்தி'யில் வரும் 'கா' போல. கட்டுப்படியாகாது என்று பொருள். "அசலே பரல்ல" என்றால் முதலே தேறாது. இவற்றை எப்போதும் நாடகம் என்று எண்ணிவிடாதீர்கள். கூடையில் கீரையும் எலுமிச்சையும் வைத்து விற்பவர் "கிட்டல்ல" என்றால் பெரும்பாலும் உண்மை. அங்கே ஐந்து ரூபாய்க்கு நான் பேரம் பேச மாட்டேன், நீங்களும் பேச வேண்டாம் என்பதே என் ஆசை. விலையைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக "ஸ்வல்ப கரிபேவு ஹாகி" என்று கேளுங்கள். கொஞ்சம் கறிவேப்பிலை போடச் சொல்வது. அதைப் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார்கள்.

பேரம் படியவில்லை என்றால் விட்டுவிட்டு ஓடாமல், "நோட்கொண்டு பர்தீனி" என்று சொல்லி நகருங்கள். மற்ற கடைகளையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்பது. நிஜமாக விலையைக் குறைக்கக் கூடியவர் நாலு அடி நடப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார். கூப்பிடவில்லை என்றால் அவர் சொன்னதுதான் அந்தப் பொருளின் விலை.

கேள்வி: கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கும்போது முழம் கேட்டேன். அவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள்.

முழம் கன்னடத்தில் "மொள". ஆனால் கட்டிய பூவுக்கு மார்க்கெட்டில் அதிகம் சொல்வது "மாரு". இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் வருகிற நீளம் அது. கணக்குப்படி ஏறக்குறைய நாலு முழம். "மாரு எஷ்டு?" என்று கேளுங்கள். உதிரிப் பூ எடைக்குத்தான்.

விற்பவர் கையை முழுதாக விரிக்காமல் முழங்கையில் மடக்கி மடக்கி அளப்பதுண்டு. ஆகவே பூவில் விலையைவிட அளவுதான் பேச வேண்டிய விஷயம். சரத்தை இழுத்துப் பிடிக்கிறாரா, தளர விட்டு அளக்கிறாரா, எத்தனை மடக்கு போடுகிறார் என்று பார்த்துவிட்டு "சரியாகி அளதெ மாடி" என்று சொல்லுங்கள். சரியாக அளக்கச் சொல்வது. சரம் நெருக்கமாகக் கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இடைவெளி விட்டுக் கட்டிய மாரு மலிவாகத்தான் இருக்கும்.

வரமகாலட்சுமி விரதம், கௌரி கணேசா, ஆயுத பூஜை ஆகியவற்றுக்கு முந்தின நாட்களில் மல்லிகை, கனகாம்பரம், சேவந்தி விலையெல்லாம் ஏறிக் கிடக்கும். அன்று "கம்மி மாடி" எடுபடாது. பூ வாங்க எப்படியும் நூறு பேர் பின்னால் நிற்பார்கள்.

கேள்வி: நான் கன்னடத்தில் ஆரம்பித்தால் கடைக்காரர் தமிழில் பதில் சொல்கிறார். பிறகு எந்த மொழி?

அவர் தேர்ந்தெடுத்த மொழியில் தொடருங்கள். சிவாஜிநகர், அல்சூர் பக்கத்தில் தமிழ் பேசுகிற வியாபாரிகள் நிறைய. மார்க்கெட்டிலும் பலருக்கு ஓரளவு தமிழ் தெரியும். ஆனால் முதல் வாக்கியம் கன்னடமாக இருக்கட்டும். இது அவர்கள் ஊர் என்று நீங்கள் மதிப்பது அந்த ஒரு "எஷ்டு அண்ணா"விலேயே தெரிந்துவிடுகிறது, பேச்சின் சூடும் தணிகிறது. பேசும் குரலைப் பார்த்தே தமிழர் என்று ஊகித்துக்கொண்டு நேரே தமிழில் தொடங்குவது எல்லா இடத்திலும் வரவேற்கப்படுவதில்லை.

கேள்வி: எங்கே பேரமே பேசக் கூடாது?

தோட்டக்கலை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் ஹாப்காம்ஸ் கடைகளில் காய், பழத்துக்கு விலை எழுதியே இருக்கும், அங்கே பேசிப் பயனில்லை. சிக்கபேட்டையிலும் "ஃபிக்ஸட் ரேட்" பலகை தொங்கும் துணிக்கடைகள் உண்டு. பலகை இல்லாத கடையில் சந்தேகம் இருந்தால் "ஃபிக்ஸட் ரேட்டா?" என்று கேட்டுக்கொள்ளலாம், கோபிக்க மாட்டார்கள்.

கேள்வி: சில்லறைக்கு என்ன சொல்ல?

"சில்ரெ இத்யா?" என்றால் சில்லறை இருக்கிறதா என்பது. காலையில் முதல் வியாபாரம் ஆகியிருக்காத கடையில் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டாதீர்கள். அங்கேயும் அது "போணி" நேரம்தான், சொல்லும் தமிழில் உள்ளதே. போணி ஆகாத கடையில் "கம்மி மாடி" ஒரு முறை சொன்னால் போதும், முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. ஆனால் பேசி முடித்த பிறகு வாங்காமல் போவதானால் அந்த நேரத்தில் தொடங்கவே வேண்டாம்.