32 லட்சம் எங்கிருந்து வந்தது?

"காலடிப்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். புதுவண்ணாரப்பேட்டையில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை 48 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். 90 சதவீதம் கடன் கிடைக்கும் என்றார் தரகர். வங்கியோ 32 லட்சத்துக்கு மேல் தர முடியாது என்கிறது. மீதிக்கு மனைவியின் 30 பவுன் நகையை அடகு வைக்கலாமா?"

நகையை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் அந்த 32 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். 40 லட்சத்தில் 80 சதவீதம் 32 லட்சம். அப்படியானால் வங்கி உங்கள் வீட்டை 48 லட்சமாகப் பார்க்கவில்லை, 40 லட்சமாகத்தான் பார்க்கிறது.

90 சதவீதம் என்று தரகர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குத்தான் வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம். கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை போனால் 80 சதவீதம், அதற்கும் மேல் 75 சதவீதம். இவை உச்ச வரம்புகள். உங்கள் சம்பளத்தையும் கட்டடத்தின் வயதையும் பார்த்து வங்கி இன்னும் குறைக்கலாம். மீதியை நீங்கள் கையிலிருந்து போட வேண்டும், அதைத்தான் மார்ஜின் என்கிறார்கள். 30 லட்சம் என்ற இந்தக் கோடு 2015இல் போடப்பட்டது. அதன் பிறகு வடசென்னையில் வீட்டு விலை எங்கே போய்விட்டது என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கோட்டை நகர்த்தாததால் உங்களைப் போன்ற சம்பளக்காரர்கள்தான் நசுங்குகிறார்கள்.

இனி அந்த 40 லட்சத்துக்கு வருவோம். கிரைய ஒப்பந்தத்தில் எழுதிய விலை, வங்கியின் மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கி கணக்கில் எடுக்கும். ஆகவே சம்பளத்தைப் பார்த்துக் கடனைக் குறைக்கவில்லை என்றால், காரணம் இரண்டில் ஒன்று. விற்பவர் பத்திரத்தில் 40 லட்சம் என்று எழுதி 8 லட்சத்தை ரொக்கமாகக் கேட்கிறார். அல்லது மதிப்பீட்டாளர் 40 லட்சத்துக்கு மேல் தேறாது என்று எழுதியிருக்கிறார். எது என்பதை ஒப்பந்தத்தைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம். மதிப்பீட்டு அறிக்கைக்குக் கட்டணம் கட்டுவது நீங்கள்; நகல் கேட்டால் பல கிளைகளில் முகம் சுளிப்பார்கள். விடாதீர்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் 40 லட்சம் என்று இருந்தால், 'பத்திரச் செலவு மிச்சம்' என்று தரகர் உங்களிடம் சொல்லியிருப்பார். நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் இருந்தபோது, இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஏமாந்த குடும்பங்கள் வாரம் ஒன்றாவது என் மேசைக்கு எதிரே வந்து உட்காரும். கணக்கைப் பாருங்கள். மறுவிற்பனை வீட்டுக்கு நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 40 லட்சத்துக்கு 3.60 லட்சம் ஆகும், 48 லட்சத்துக்கு 4.32 லட்சம் ஆகும். மிச்சமாவது 72 ஆயிரம். ஆனால் உண்மை விலையை எழுதி, மதிப்பீட்டாளரும் அதை ஒப்புக்கொண்டு, உங்கள் சம்பளமும் இடம் கொடுத்தால், கடன் 38.40 லட்சம் வரை போகலாம். அப்போது உங்கள் கைப்பணம் விலையில் 9.60 லட்சம், பத்திரத்துக்கு 4.32 லட்சம், மொத்தம் 13.92 லட்சம். இப்போதுள்ள ஏற்பாட்டில் விலையில் 16 லட்சம், பத்திரத்துக்கு 3.60 லட்சம், மொத்தம் 19.60 லட்சம். 72 ஆயிரத்தை மிச்சம் பிடிக்க ஐந்தரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கிறது. லாபம் விற்பவருக்கு, அவருடைய வரி குறைகிறது. நாளை நீங்கள் இதே வீட்டை விற்கும்போது உங்கள் கொள்முதல் விலை 40 லட்சம் என்றுதான் வரிக் கணக்கில் நிற்கும். கையில் கொடுத்த 8 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

மதிப்பீட்டாளர்தான் 40 லட்சம் என்றார் என்றால் வேறு கவலை. பழைய கட்டடங்களில் அனுமதி வரைபடத்தில் இல்லாத பால்கனி, மொட்டை மாடி அறை, சில இடங்களில் ஒரு முழுத் தளமே பின்னால் எழுந்திருக்கும். அந்தப் பரப்பை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார். 'வேறு மதிப்பீட்டாளரை வைத்து ஏற்றிவிடலாம், கொஞ்சம் செலவாகும்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்றிய மதிப்பில் வாங்கிய கடனுக்கு 20 வருடம் வட்டி கட்டப்போவது நீங்கள்.

பத்திரச் செலவையும் வீட்டின் விலையோடு சேர்த்துக் கடன் வாங்கலாம் என்று அடுத்து ஒருவர் சொல்வார். வாங்க முடியாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. வீட்டின் விலை 10 லட்சத்துக்குள் இருந்தால் மட்டும் முத்திரைத் தீர்வை, பதிவுச் செலவு ஆகியவற்றையும் விலையோடு கூட்டி, அந்த மொத்தத்துக்குச் சதவீதம் போடலாம். மீண்டும் சொல்கிறேன், இங்கே 10 லட்சம் என்பது வீட்டின் விலை, கடன் தொகை அல்ல. 48 லட்சம் வீட்டுக்குக் கடனை மட்டும் 10 லட்சமாகக் குறைத்துக்கொண்டாலும் இந்த விலக்கு கிடைக்காது. திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை 10 லட்சத்துக்கு எந்த வீடு கிடைக்கிறது? ஆனாலும் இந்த விலக்கைக் காட்டி 'ஏற்பாட்டுக் கட்டணம்' வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நகை. 30 பவுன் என்றால் 240 கிராம். கல், அரக்கு கழித்து 220 கிராம் தங்கம் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வங்கி கடை விலையைப் பார்க்காது. முந்தைய 30 நாள் சராசரி, முந்தைய நாள் விலை இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்கும்; செய்கூலி, சேதாரம் எதுவும் சேராது. கணக்குக்காகக் கிராம் 9,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 19.80 லட்சம். 2025 ஜூனில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 சதவீதம், 5 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம். உங்களுக்கு 75தான், அதாவது 14.85 லட்சம். நகையைப் பிரித்துப் பல கடன்களாக வைத்தால் 85 கிடைக்கும் என்பார்கள். வரம்பு ஒரு நபரின் மொத்தக் கடனுக்கு, ஒவ்வொரு சீட்டுக்கும் அல்ல.

ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் வகை என்றால், கடைசியில் கட்ட வேண்டிய முழுத் தொகையும் அந்த 75 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 9 சதவீத வட்டியில் கைக்கு வருவது சுமார் 13.60 லட்சம். வருட முடிவில் 14.85 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? புதுப்பிக்கவும் வட்டியை முதலில் கட்ட வேண்டும். தங்க விலை இறங்கியிருந்தால் அசலிலும் ஒரு பகுதி கேட்பார்கள். மாதாமாதம் கட்டும் வகை என்றால் அந்தத் தவணையை உங்கள் சம்பளத்தில் கழித்துவிட்டு வீட்டுக் கடனை வங்கி குறைக்கும். மறைக்கவும் முடியாது, கடன் அறிக்கையில் வந்துவிடும்.

ஆகவே வருடத்துக்குள் நிச்சயம் கைக்கு வரும் சீட்டுப் பணமோ சேமநிதிப் பணமோ இருந்தால், அந்த அளவுக்கு மட்டும், உங்கள் மனைவி மனமாரச் சம்மதித்தால், நகையை வையுங்கள். அதற்கு முன் விற்பவரிடம் 48 லட்சத்தையே எழுதச் சொல்லுங்கள். வங்கி 38 லட்சத்துக்குக் குறைவாகக் கடன் கொடுத்தால் அச்சாரம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்ற ஒரு வரியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அவர் மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.