மேல் எண் ஏறுவதற்கும் கீழ் எண் இறங்குவதற்கும் காரணம் ஒன்றுதான்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. மேல் பிரஷர் 160-க்கு மேலேயே நிற்கிறது, கீழ் பிரஷர் 60-தான். மேலே கூடினால் கீழேயும் கூட வேண்டாமா? கீழே இவ்வளவு குறைவாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, இதயப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த நர்ஸ். "நர்ஸுக்கு எதற்கு இந்தப் பேச்சு" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். நான் எந்த மருந்தையும் சிபாரிசு செய்யப் போவதில்லை. அந்த இரண்டு எண்களும் ஏன் எதிரெதிர்த் திசையில் போகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன். இதே கேள்விக்காக எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது.

என் மாமனாருக்கு அப்போது 74 வயது. பிரஷர் 168/58. அவருடைய தம்பி ஊரிலிருந்து வந்திருந்தார். "நூறோடு வயசைக் கூட்டிக்கோ, 174 வரைக்கும் நார்மல்தான். கீழே 58, அது லோ பிரஷர். மாத்திரையை நிறுத்திட்டு மோர்ல உப்பைப் போட்டுக் குடுங்க" என்றார். என் கணவரும் தலையை ஆட்டினார். மாமா என்னைப் பார்த்து, "ஏத்தா, மேல ஏறுனா கீழயும் ஏறணும்ல? இது என்ன கணக்கு?" என்று கேட்டார். உங்கள் கேள்வியேதான்.

மாமா அரசு வேலையில் இருந்தவர். பழைய காகிதம் எதையும் தூக்கிப் போடமாட்டார். நாற்பதுகளில் எடுத்த ஒரு மருத்துவச் சீட்டை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் 126/80 என்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சராசரி பிரஷர் தோராயமாக வேண்டுமென்றால், மேலிருந்து கீழைக் கழித்து, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கீழ் எண்ணோடு கூட்ட வேண்டும். பழைய சீட்டில் வித்தியாசம் 46, மூன்றில் ஒரு பங்கு 15, சராசரி 95. புதிய அளவில் வித்தியாசம் 110, மூன்றில் ஒரு பங்கு சுமார் 37. அதுவும் 95. முப்பது வருடத்தில் சராசரி அசையவே இல்லை. 46 ஆக இருந்த இடைவெளிதான் 110 ஆகியிருக்கிறது. இந்த இடைவெளிக்குப் பெயர் பல்ஸ் பிரஷர்.

சராசரி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு: இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது, கை, கால், குடல் என்று எங்கும் பரவியிருக்கும் மிகச்சிறிய தமனிகள் எவ்வளவு இறுகியிருக்கின்றன. இடைவெளி எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பெரிய தமனிகளின் சுவர், முக்கியமாக இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி. ஆகவே மாமாவின் சீட்டுகளைப் பார்த்தாலே எங்கே மாறியிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். சின்னக் குழாய்கள் பெரிதாக மாறவில்லை, பெரிய குழாய் விறைத்துவிட்டது.

அந்தப் பெருந்தமனி வெறும் குழாய் இல்லை. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி ரத்தத்தை ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்குள் தள்ளிவிடுகிறது. இளவயதில் பெருந்தமனி விரிந்து கொடுத்து, அதில் பாதிக்குக் குறையாமல் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளும். இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் சுருங்கி அதை முன்னால் அனுப்பும். சுருதிப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். கை விட்டு விட்டுத்தான் அழுத்துகிறது, ஆனால் உள்ளே இருக்கும் துருத்தி காற்றைச் சேர்த்து வைத்து விடுவதால் சுருதி அறாமல் ஒலிக்கிறது. அந்த உள்துருத்தி விறைத்துவிட்டால் அழுத்தும்போது பலமாகவும், கையை எடுத்ததும் தேய்ந்தும்தான் சத்தம் வரும்.

மாமாவுக்கு நடந்தது அதுதான். தமனி விரிந்து கொடுக்காததால் இதயம் தள்ளிய ரத்தத்தின் முழு வேகமும் அந்த நொடியில் அழுத்தமாக ஏறுகிறது, மேல் எண் 168. சேர்த்து வைத்த ரத்தம் குறைவு என்பதால், இதயம் ஓய்வெடுக்கும்போது பின்னாலிருந்து தள்ள ஆள் இல்லை. அடுத்த துடிப்பு வருவதற்குள் அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடுகிறது, கீழ் எண் 58. கீழே இருக்கும் 58-ம் அதே நோயின் மறுபாதிதான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. நாம் மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கும் நாடி என்பது ரத்தம் ஓடி வருவது அல்ல, தமனிச் சுவர் வழியாக ஓடும் ஓர் அலை. இளைஞர்களின் பெருந்தமனியில் அது நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் போகும். விறைத்த தமனியில் பத்து மீட்டரைத் தாண்டிவிடும். அந்த அலை, தமனிகள் பிரியும் இடங்களிலும் சின்னத் தமனிகளிலும் பட்டுத் திரும்பி வருகிறது. இளவயதில் அது நிதானமாக வருவதால் இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் வந்து சேர்ந்து கீழ் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். வயதானவர்களுக்குச் சீக்கிரமே வந்து, இதயம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே மேல் எண்ணோடு சேர்ந்துவிடும்.

ஏன் விறைக்கிறது என்றால், பெருந்தமனிச் சுவரில் எலாஸ்டின் என்ற மீள்தன்மையுள்ள இழை அடுக்கடுக்காக இருக்கிறது. உடம்பு அதைக் கருவிலும் சின்ன வயதிலும்தான் நெய்கிறது. பிறகு புதிதாகச் செய்வது மிகக் குறைவு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால் வருடத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல், 70 வயதுக்குள் 250 கோடி தடவைக்கு மேல் அந்த இழை இழுபட்டிருக்கும். அது தேய்ந்து நைந்த பிறகு, எளிதில் நீளாத கொலாஜன் பாரத்தைத் தாங்குகிறது. சுவரில் கால்சியமும் படிகிறது. சர்க்கரையும் சிறுநீரக நோயும் இருந்தால் இது சீக்கிரமே நடக்கும். ஒன்றைக் கவனியுங்கள், இது கொழுப்பு அடைப்பு இல்லை. "ஆஞ்சியோவில் அடைப்பே இல்லையே, பிறகெதற்கு மாத்திரை" என்று சின்ன மாமனார் வாதாடியது அதனால்தான் எடுபடாது. தமனியின் உள்வழி சுத்தமாக இருந்தாலும் சுவர் விறைத்திருக்கலாம்.

இது மாமாவுக்கு மட்டும் வந்த விசித்திரமும் இல்லை. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் மக்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அங்கே கண்டதும் இதுதான். ஐம்பது வயதுவாக்கில்வரை இரண்டு எண்ணும் சேர்ந்து ஏறுகின்றன. அறுபதுக்கு அப்பால் மேல் எண் ஏறிக்கொண்டே போக, கீழ் எண் இறங்குகிறது. நிறைய பேருக்கு நடக்கிறது என்பதால் அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. வயதோடு நூறைக் கூட்டும் அந்தக் கணக்கை நான் அறவே வெறுப்பது இதனால்தான். ஒவ்வொரு துடிப்பின் அடியும் மட்டுப்படாமல் மூளை, சிறுநீரகம் இவற்றின் மெல்லிய குழாய்கள்வரை போகிறது. இதயத்துக்கோ இரண்டு பக்கமும் இடி. தள்ளும்போது 168-ஐ எதிர்த்துத் தள்ள வேண்டும், அதன் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பகுதி ஓய்வு நேரத்தில்தான் வருகிறது, அப்போதோ அழுத்தம் 58.

சரி, மருந்து கொடுத்தால் கீழ் எண் இன்னும் இறங்காதா? இறங்கும், ஆனால் மேல் எண் அளவுக்கு இறங்காது. 1991-ல் வெளியான ஷெப் ஆய்வில் உங்கள் அப்பாவைப் போன்றவர்களைத்தான் எடுத்தார்கள். வயது 60-க்கு மேல், மேல் எண் 160-க்குக் குறையாமல், கீழ் எண் 90-க்குக் கீழ். மொத்தம் 4,736 பேர். பாதிப் பேருக்குக் குளோர்தாலிடோன் என்ற பழைய நீர் மாத்திரையில் தொடங்கினார்கள், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து எடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிட மேல் எண் சுமார் 12 குறைவாக இருந்தது, கீழ் எண் 4-தான் குறைவு. பக்கவாதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. எல்லையும் உண்டு. கீழ் எண் 60-க்குக் கீழே போய்விட்ட, அதுவும் இதயத் தமனியில் அடைப்பு உள்ளவர்களிடம் டாக்டர்கள் மிக மெதுவாகத்தான் அளவைக் கூட்டுவார்கள். அது உங்கள் டாக்டர் எடுக்க வேண்டிய முடிவு.

மாமாவின் டாக்டர் முதலில் எக்கோ எடுக்கச் சொன்னார். இடைவெளி 110 என்றால் பெருந்தமனி வால்வு கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், ரத்தசோகை கடுமையாக இருந்தாலும் இடைவெளி விரியும். மாமாவுக்கு இவை எதுவும் இல்லை. அப்புறம்தான் மாத்திரையை மாற்றி, அளவை மெதுவாக ஏற்றினார். சில மாதத்தில் 146/54-க்கு வந்து நின்றது. "இதுக்கு மேல இழுக்க வேண்டாம்" என்று டாக்டர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

அளவு எடுப்பதைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. விறைத்த தமனி உள்ளவர்களுக்கு ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தம் சிலசமயம் நடுவில் காணாமல் போய்த் திரும்ப வரும். 170-ல் தொடங்கி, 155-ல் மறைந்து, 135-ல் மறுபடி கேட்கும். பட்டையில் 150 வரை மட்டும் காற்றடித்தால், 135 என்று எழுதிவிட்டு "நார்மல்" என்று அனுப்பிவிடலாம். அதனால்தான் மணிக்கட்டில் விரலை வைத்து, நாடி மறையும் இடத்தைப் பார்த்து, அதற்கு மேல் 30 ஏற்றி, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். "பிரஷர் பார்க்கிறதுதானே வேலை" என்று எங்களைப் பேசுபவர்கள் இதைச் செய்து பார்க்கட்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டியவர்களுக்கு லிஃப்ட், சாதாரண சீட்டு எடுத்த கிழவர்களுக்கு மாடிப்படி. மூச்சிரைக்க வந்து உட்கார்ந்த உடனே கையை நீட்டச் சொல்ல வேண்டும், வரிசை நகர வேண்டுமாம். ஐந்து நிமிடம் உட்கார வைத்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அப்பாவுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் மெஷின் இருந்தால், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் ஒவ்வொரு தடவை பாருங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நின்றதும் மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் அதையும், மாத்திரை போடும் நேரத்தையும் தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா என்று அவர் அதை வைத்துச் சொல்வார்.