குட்டை முக நாய்களின் மூச்சுத் தடை: சத்திரசிகிச்சை எப்போது?

எங்கள் 3 வயது பிரெஞ்சு புல்டோக் தூக்கத்தில் குறட்டை விடுகிறான். இதற்கே சத்திரசிகிச்சை தேவையா? (வெள்ளவத்தை)

குறட்டையை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நாய் ஓய்வாக இருக்கும்போது குரல்வளையின் பக்கவாட்டில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். பின்னர் அதை 3 நிமிடம் துள்ளுநடையில் ஓட்டி, மறுபடியும் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் தரம் 0. ஸ்டெதஸ்கோப்பில் மட்டும் மெல்லிய கரகரப்புக் கேட்டு, மூச்சு சிரமமின்றி இருந்தால் தரம் 1. இதற்குக் கத்தி தேவையில்லை, ஆனால் ஆண்டுதோறும் மறுபடி சோதிப்பது நல்லது. வெறுங்காதுக்கே சத்தம் கேட்டு, மூச்சை இழுக்க நாய் பாடுபடுமானால் தரம் 2. ஓட முடியாமல் நின்றுவிடுவதும் நாக்கு நீலம் பாய்வதும் மயங்கி விழுவதும் தரம் 3. கொழும்பின் ஈரப்பதத்தில் மூச்சிரைப்பால் உடல் சூடு எளிதில் தணியாது என்பதால், இச்சோதனையைக் குளிரூட்டிய அறையில் மருத்துவர் முன்னிலையிலேயே செய்ய வேண்டும்.

நான் பார்த்த ஒரு புல்டோக் மேசையில் அமைதியாகவே நின்றது. நடைபாதையில் 3 நிமிடம் ஓடிவந்ததும் அதன் குறட்டை வாசல்வரை கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு உள்ளே ஒட்டியது. சற்று நேரத்தில் வெண்ணுரையைக் கக்கியது. தரம் 2 எனக் குறித்தோம். அந்த நுரையும் இதே நோயின் அடையாளமே: மூச்சை இழுக்கும் விசை இரைப்பையையும் மேல்நோக்கி இழுக்கிறது.

மூக்குத் துவாரத்தை மட்டும் அகலப்படுத்தினால் போதாதா? (கொட்டாஞ்சேனை)

சில இளம் நாய்களுக்குப் போதும். துவாரம் சற்றே ஒடுங்கியிருந்தாலும் ஓடும்போது மூக்குமடல் வெளிப்பக்கம் விரிந்தால் அது இலேசான ஒடுக்கம். மடல் அசையாமல், அடியில் மட்டும் திறப்பு எஞ்சியிருந்தால் நடுத்தரம். ஏறக்குறைய மூடியிருந்தால் கடுமையானது. ஒடுங்கிய துவாரம் வழியே பலமாக உறிஞ்சும்போது தொண்டையிலும் இழுவிசை கூடுகிறது. நாளடைவில் மென் அண்ணம் தடிக்கிறது, குரல்வளையின் சிறுபைகள் வெளியே பிதுங்குகின்றன. இப்பிதுக்கம் குரல்வளைச் சரிவின் முதற்படி. பின்னர் குருத்தெலும்புகளே உள்நோக்கி மடியத் தொடங்கினால், சத்திரசிகிச்சையின் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். தரம் 2 ஆனதும் காலந்தாழ்த்த வேண்டாம் என நான் வற்புறுத்துவது இதனால்தான்.

விழித்திருக்கும் நாயின் அண்ணத்தைச் சரிவரப் பார்க்க இயலாது. மயக்கமருந்து கொடுத்த பிறகே அதன் நுனி குரல்வளை மூடியைத் தாண்டி எவ்வளவு தொங்குகிறது என்பது தெரியும். ஆகவே, மூக்கையும் அண்ணத்தையும் ஒரே மயக்கத்தில் பார்த்துத் தேவையானதை அப்போதே செய்துவிடுவது நல்லது. மேலே சொன்ன நாய்க்கு மூக்குமடலில் ஆப்பு வடிவத் துண்டொன்றை நீக்கி, அண்ணத்தையும் குறுக்கினோம். இரண்டு மாதம் கழித்துச் சோதித்தபோது தரம் 1 இருந்தது. தரம் 0 ஆகுமென்று நான் யாருக்கும் வாக்களிப்பதில்லை.

எங்கள் பக் 12 கிலோ. மெலிய வைத்த பிறகு செய்யலாமா? (தெஹிவளை)

தரம் 2 என்றால், ஆம், ஆனால் அதைச் சாக்காக வைத்துக் காலந்தாழ்த்தக் கூடாது. எடை குறைந்தால் மூச்சும் இலகுவாகும், மயக்கமருந்தின் ஆபத்தும் குறையும். மயங்கி விழும் நாய்க்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. எப்போது செய்தாலும், முதல் நாளிரவு தொண்டை வீங்கக்கூடும், கக்கியது நுரையீரலுக்குள் போகக்கூடும். ஆகையால், அன்றிரவு முழுவதும் நாயின் அருகில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பாரா, தேவைப்பட்டால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க அங்கே வசதியுண்டா என்ற இரண்டையும் திகதி குறிக்கும் முன்னரே கேளுங்கள்.