ஒரே கட்டடத்தில் எட்டுக் குடும்பங்கள், ஒரே கடிதம்: வாடகை உயர்வுக்கு நாங்கள் எழுதிய பதில்

கேள்வி: சென்னையில் ஒரே கட்டடத்தில் ஆறு குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிறோம். அடுத்த மாதத்திலிருந்து வாடகையை ஏற்றிவிட்டதாக உரிமையாளர் திடீரென்று சொல்கிறார். எல்லோரும் சேர்ந்து கடிதம் கொடுக்கலாமா? என்ன எழுதுவது?

பதில்:

கொடுக்கலாம், கொடுங்கள். ஆனால் எழுத உட்காருவதற்கு முன் ஒரு நோட்டில் கணக்கு எடுங்கள். எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

2022 செப்டம்பர் 21 அன்று இரவு எங்கள் உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது: "அக்டோபர் முதல் எல்லா வீட்டுக்கும் 4,000 கூடுதல்." நங்கநல்லூரில் எட்டு வீடுகள் கொண்ட கட்டடம். எங்கள் வாடகை 11,000, அது 15,000 ஆக வேண்டும். தரைத்தளத்தில் எட்டு ஆண்டுகளாக இருக்கும் அம்மாவுக்கு 9,500. அவருக்கும் அதே 4,000தான். பத்தே நாள் அவகாசம்.

மறுநாள் மொட்டைமாடியில் கூடினோம். இரண்டாம் மாடி அண்ணன் கொதித்துப் போயிருந்தார். "முடிவு தெரியும் வரை யாரும் வாடகை கொடுக்கக் கூடாது" என்றார். அவர் வேதனை புரிந்தது, ஆனாலும் அதை நான் கடுமையாக மறுத்தேன். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், வீட்டைக் காலி செய்யக் கோர உரிமையாளருக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போல் ஆகிவிடும். பழைய வாடகையை வழக்கமான தேதியில், வங்கி வழியாக, "அக்டோபர் மாத வாடகை" என்று குறிப்பெழுதி அனுப்புவது என்று முடிவெடுத்தோம். வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பலாம். அதையும் மறுத்தால் அரசின் வாடகை அதிகாரியிடம் கட்டவும் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பிறகு என் மகளின் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு வீட்டின் விவரத்தையும் எழுதினோம்: எப்போது குடிவந்தார்கள், இப்போதைய வாடகை, கொடுத்த அட்வான்ஸ், கடைசியாக வாடகை ஏறிய மாதம், கையில் ஒப்பந்தம் இருக்கிறதா. எழுதி முடித்தபோதுதான் எங்கள் நிலைமையே எங்களுக்குத் தெரிந்தது. எட்டு வீட்டில் மூன்று பேரிடம்தான் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. அதில் இரண்டு, பதினொரு மாதம் முடிந்து காலாவதியானவை. ஒன்று மட்டும் இன்னும் ஐந்து மாதம் செல்லும். தரைத்தள அம்மா 2014-இல் கொடுத்த 50,000 ரூபாய் அட்வான்ஸுக்கு ரசீதே இல்லை. ஒரு பழைய டைரியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் உரிமையாளரின் காலமான தந்தை நீல மையில் "ரொக்கம் 50,000 பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். மை வெளுத்துப்போய், தாள் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அந்தக் குடும்பத்தின் ஐம்பதாயிரத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தத் தாள்தான். அன்றிரவே படம் எடுத்து எல்லோரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டோம்.

அட்வான்ஸைப் பற்றி இன்னொன்று. எங்கள் கட்டடத்தில் மற்ற ஏழு வீடுகளும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்தவை. வாடகை 15,000 ஆனால், நாளைக்கே "அட்வான்ஸையும் ஒன்றரை லட்சமாக்குங்கள்" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அது கூடுதலாக 40,000. மாதம் 4,000 என்ற பேச்சில் இது கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. கடிதத்தில் இதைத் தனியாகக் கேட்டோம்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், வாடகையை மாற்றுவது ஒப்பந்தத்தில் உள்ளபடி நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அது தனியார் வீட்டு வாடகைக்கு "இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது" என்று உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் "பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் குற்றம்" என்று எங்கோ படித்ததை முதல் வரைவில் எழுதியிருந்தார். அதை அடித்துவிட்டோம். ஒரு வரி தவறாக இருந்தால், உரிமையாளரின் வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே மீதிக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதது உரிமையாளருக்கு மட்டும்தான் பாதகம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதும் காலி செய்யக் கோருவதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதனால்தான் "ஒப்பந்தம் எழுத நாங்கள் தயார், வாசகத்தைத் தாருங்கள்" என்ற வரி கடிதத்தில் இருந்தே ஆக வேண்டும். தாமதம் நம் பக்கத்தில் இல்லை என்பதற்கு நாளை அதுவே எழுத்துச் சான்று.

நாங்கள் கொடுத்த கடிதத்தின் உடல் இதுதான், விவரங்களை மாற்றிப் பயன்படுத்துங்கள்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் கீழே கையெழுத்திட்ட நாங்கள் எழுதுவது. 21.09.2022 அன்று தாங்கள் அனுப்பிய செய்தியில் அக்டோபர் முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் 4,000 ரூபாய் உயர்வு என்று குறிப்பிட்டிருந்தீர்கள். பத்து நாள் அவகாசத்தில், எங்களோடு பேசாமல் அறிவிக்கப்பட்ட இந்த உயர்வை எங்களால் ஏற்க இயலவில்லை. வாடகை உயரவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. கடைசியாக 2020 அக்டோபரில் உயர்ந்த வாடகைக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் என்ற கணக்கில் உயர்வு தரத் தயாராக இருக்கிறோம். ஒவ்வொரு வீட்டின் தற்போதைய வாடகையும் தங்களிடம் உள்ள அட்வான்ஸும் இணைப்பில் உள்ளன. பிழை இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். புதிய வாடகை, அது தொடங்கும் தேதி, அடுத்த உயர்வு எப்போது எவ்வளவு, அட்வான்ஸ், தண்ணீர் மற்றும் பராமரிப்புச் செலவு, காலி செய்ய இரு தரப்பும் தர வேண்டிய அவகாசம் ஆகியவற்றைக் கொண்ட எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள நாங்கள் தயார். அதுவரை தற்போதைய வாடகையை வழக்கம்போல் 5-ஆம் தேதிக்குள் செலுத்துவோம். 15 நாளுக்குள் நேரில் பேச ஒரு நாள் குறிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

5 சதவீதம் என்று ஏன் நாங்களே எண் சொன்னோம் என்று கேட்பீர்கள். வெறுமனே மறுத்தால் பேச்சு 4,000-இலிருந்து தொடங்கும். 11,000-க்கு ஓராண்டில் 11,550, அடுத்த ஆண்டில் 12,127. இப்படி ஒரு கணக்கை வைத்தால் பேச்சு 12,100-இலிருந்து தொடங்குகிறது.

கையெழுத்து வாங்கும் முறையிலும் கவனம் தேவை. கடிதம் ஒன்றானாலும் ஒவ்வொரு வீட்டின் வாடகை உறவும் தனித்தனி. எனவே இணைப்பில் கதவு எண் வாரியாக ஒவ்வொருவரும் தங்கள் வரிக்கு நேராகக் கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தம் உயிரோடு இருந்த அந்த ஒரு வீட்டுக்கு, "2023 பிப்ரவரி வரை ஒப்பந்த வாடகையே தொடரும்" என்று தனி வரி எழுதினோம். அவரை மற்றவர்களோடு சேர்த்து 5 சதவீதத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தால், அவருக்கு இருந்த பாதுகாப்பை நாங்களே கெடுத்திருப்போம்.

நேரில் கொடுத்தபோது உரிமையாளர் நகலில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அதே கடிதத்தை ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினோம். நான்காம் நாள் அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது.

அதன் பிறகு நடந்ததை எதிர்பார்த்திருந்தோம். தனித்தனியாகத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. "உங்களுக்கு மட்டும் 2,000 போதும், மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம்." மூன்று வீட்டுக்கு இதே வாக்கியம். யாருக்கு அழைப்பு வந்தாலும் "எழுத்தில் கொடுங்கள் சார், எல்லோரும் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்வதாக முன்பே பேசி வைத்திருந்தோம். ஒருவர்கூடப் பிசகவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

பேச்சுவார்த்தை தரைத்தள அம்மாவின் வீட்டில் நடந்தது. சொத்து வரி ஏறிவிட்டது என்றார் உரிமையாளர். அந்த ஆண்டு சென்னையில் சொத்து வரி உயர்ந்தது உண்மைதான், அவர் சிரமத்தை நாங்கள் மறுக்கவில்லை. ரசீதைக் கேட்டோம், காட்டினார். அரையாண்டுக்குக் கூடுதலாக வந்தது 9,600. எட்டு வீட்டுக்கு, ஆறு மாதத்துக்குப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 200. அந்த நோட்டிலேயே அவர் முன்னால் வகுத்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு லாரித் தண்ணீர், மோட்டார் பழுது என்று அவர் சொன்னவற்றில் நியாயம் இருந்ததையும் ஒப்புக்கொண்டோம்.

முடிவு இதுதான்: நவம்பர் முதல் வீட்டுக்கு 1,500 உயர்வு. எங்களுக்கு 12,500, தரைத்தள அம்மாவுக்கு 11,000. அடுத்த இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 5 சதவீதம். அட்வான்ஸ் ஏறாது. ஒப்பந்தம் இருந்த வீட்டுக்கு மட்டும் மார்ச் முதல் உயர்வு. நாங்கள் கேட்டதைவிட மாதம் 400 கூடுதல்தான். அது எழுத்தில் வந்ததால் சம்மதித்தோம்.

ஒப்பந்தம் எழுதும்போது வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எங்களிடம் "வாசகத்தை அப்புறம் டைப் செய்துகொள்ளலாம்" என்று தரகர் பத்திரத்தை நீட்டினார். முழுவதும் டைப் செய்து கொண்டுவரச் சொல்லி, அட்வான்ஸ் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் சரிபார்த்த பிறகே கையெழுத்திட்டோம். பிறகு tenancy.tn.gov.in தளத்தில் பதிவுக்கு விண்ணப்பித்தோம். தரைத்தள அம்மாவின் ஒப்பந்தத்தில் "2014-இல் என் தந்தை பெற்ற 50,000 ரூபாய் அட்வான்ஸ் என் பொறுப்பில் உள்ளது" என்று உரிமையாளரே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். டைரியை அந்த அம்மா இன்னும் பீரோவில்தான் வைத்திருக்கிறார்.